குட்டி யானைக்கு ஒன்பதாம் வருஷம் ஏன் செலவு கூடுகிறது?

குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டிக்கு வேண்டிய நாலு காகிதமும் வெவ்வேறு கால அளவில் ஓடுகின்றன. வரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒருமுறை. புகைச் சான்று பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் ஓராண்டு செல்லும், பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான். தகுதிச் சான்றான எஃப்.சி. மட்டும் வண்டியின் வயதைப் பார்த்து மாறும்: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். கணக்கு தப்புவது இங்கேதான்.

பாபநாசம் பக்கம் நெல், உரம் ஏற்றும் ஒரு குட்டி யானையை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 16,049 ரூபாய் (7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு). 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 16,851. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்து 22,850 ஆகிறது என்று வைப்போம். வரி, உதாரணத்துக்குக் காலாண்டுக்கு 1,200 என்றால் 4,800. உங்கள் ரசீதில் உள்ள தொகையை இங்கே போடுங்கள். புகைச் சான்றுக்கு 200. எஃப்.சி.க்குப் பட்டறை, கட்டணம் எல்லாம் சேர்த்து 20,000 என்றால், இரண்டு ஆண்டுக்குப் பிரித்து வருஷத்துக்கு 10,000. மொத்தம் 37,850. வருஷத்தில் 240 நாள் ஓட்டம் என்றால் நாளுக்கு 158 ரூபாய். ஒன்பதாம் வருஷம் அந்த 20,000 முழுசாக ஒரே ஆண்டில் விழும்: மொத்தம் 47,850, நாளுக்கு 199. வாடகை பேசும்போது இந்த 41 ரூபாயைச் சேர்க்காவிட்டால் அது டீசல் காசிலிருந்துதான் போகும்.

எஃப்.சி. செலவில் பெரும்பகுதி அரசுக் கட்டணம் இல்லை, பட்டறைக் கூலி. டெல்டா வண்டிகளில் முதலில் போவது பாடி. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. சிந்திய உரமும் ஈர நெல்லும் சேர்ந்தால் தகட்டின் அடியில் துரு ஏறும். மேலே பெயிண்ட் நன்றாகத் தெரியும். அடியில் குனிந்து, குறுக்குச் சட்டமும் தகடும் சேரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். சக்கை சக்கையாக உதிர்ந்தால் வெல்டிங் வேலை இருக்கிறது. ஒவ்வொரு உர லோடுக்கும் பிறகு தண்ணீர் அடித்துக் காயவிட்டாலே இதில் பாதி மிச்சம். ரிஃப்ளெக்டர் டேப்பில் முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள்; நிறம் மாறினால் திருப்பி அனுப்புவார்கள்.

எஃப்.சி. முடிந்தபின் புதுப்பிக்காவிட்டால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்பது சின்ன விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, எஃப்.சி. இல்லாத வண்டி முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காரணம் காட்டும். கட்டிய 22,850 கையில் இருந்தும் உதவாமல் போகலாம்.

இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடியும் போய்விடும். எஃப்.சி. தை, மாசி அறுவடையில் முடிவதாக இருந்தால், ஐப்பசி அடைமழைக்கு முன்பே பாடி வேலையை முடித்துவிடுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஓடும் வாரத்தில் வண்டி பட்டறையில் நிற்கக் கூடாது.