லார்வா: கொசுப்புழு

கொசுக் காய்ச்சல் தடுப்பு பற்றிய ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் சொல்லும்போது கிராமச் சுகாதார ஊழியர் முதலில் தடுமாறும் சொல் 'லார்வா'. லத்தீனில் இதற்கு ஆவி, முகமூடி என்று பொருள். வளர்ந்த பூச்சியின் உருவம், முட்டையிலிருந்து வெளிவந்த இந்தப் புழுப் பருவத்தில் மறைந்திருப்பதால் 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இப்பெயரைப் பூச்சியியலுக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் இளம்புழு, குடம்பி என்ற சொற்கள் உண்டு. இலங்கையில் 'நுளம்புக் குடம்பி' என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பேச நான் தேர்வது 'கொசுப்புழு'. தொட்டியில் நெளிவதைப் பலரும் 'தண்ணிப்புழு' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பழைய தண்ணீரில் தானாக வருவது என்று நினைப்பு. கொசுப்புழு என்றால், இதுதான் நாளைக்குக் கடிக்கப்போகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும். தொட்டிமேல் நம் நிழல் விழுந்ததுமே புழுக்கள் அடிக்குப் போய்விடும். அசையாமல் கொஞ்சம் நின்றால் மூச்சுவிட மேலே வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, வால் பக்கக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். மலேரியா பரப்பும் அனாபிலிஸின் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, அது நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும்.

இந்தச் சொல்லில் ஒரு குறையும் உண்டு. புழுவைத் தேடச் சொன்னால் மக்கள் முட்டையை விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் சிமெண்ட் தொட்டியைக் காலி செய்கிறார்கள், ஆனால் தேய்ப்பதில்லை என்று வையுங்கள். ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில். காய்ந்த சுவரிலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். திரும்பத் தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்கிறோம். காலி செய்து, நாரால் சுவரை அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம் நிரப்பி மூட வேண்டும்.

அடுத்த பருவம் 'பியூப்பா'. தமிழில் கூட்டுப்புழு. பட்டுப்புழுவுக்குப் பொருந்தும் இந்தப் பெயர் கொசுவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனென்றால் இது கூடு கட்டுவதில்லை. காற்புள்ளி போல வளைந்து, தொட்டதும் துள்ளி ஓடும். 'உருண்டைத் தலைப் புழு' என்று காட்டினால் உடனே அடையாளம் தெரியும். இது எதையும் தின்னாது, எனவே புழு தின்று சாகும் பாக்டீரிய மருந்து இதனிடம் பலிக்காது. இரண்டு மூன்று நாளில் பறந்துவிடும். இதைக் கண்டால் ஞாயிறு வரை காத்திருக்காமல், அன்றைக்கே தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றச் சொல்லுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அங்கே பிழைத்துக்கொள்ளக்கூடும்.