'முடிஞ்சது, போங்க' என்றால் போதாது: ASMT-12 கேட்டு வாங்குங்கள்

ஜிஎஸ்டி அலுவலகத்தில் "உங்க விஷயம் முடிஞ்சது, போங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அதை எழுத்தில் சொல்லும் ASMT-12 ஆணையைக் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சி அப்படித்தான் வந்தார். சொன்ன அதிகாரி மாறுதலாகிப் போனார். அடுத்து வந்தவர் கணினியில் பார்த்தபோது பழைய அறிவிப்பு முடிக்கப்படாமல் கிடந்தது. அதே தொகைக்கு வரி கேட்டு DRC-01 என்ற நோட்டீஸ் வந்து நின்றது.

ரிட்டர்னில் வேறுபாடு தெரிந்தால் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 61-இன் கீழ் ASMT-10 என்ற அறிவிப்பு வரும். 30 நாளுக்குள் ASMT-11-இல் பதில் தர வேண்டும். பதில் ஏற்கப்பட்டால் அதை வணிகருக்குத் தெரிவிக்க வேண்டும், அதே விஷயத்தில் மேல் நடவடிக்கை கூடாது என்கிறது 61(2). தெரிவிக்க வேண்டிய படிவம் ASMT-12 என்கிறது விதி 99(3). இதற்கு நீங்கள் விண்ணப்பிக்கவே தேவையில்லை, அவர்களாகவே தர வேண்டும். ஆனாலும் கேட்காமல் வருவது அபூர்வம்.

அண்ணாச்சியின் கணக்கைப் பாருங்கள். 2022-23-இல் அவர் எடுத்த உள்ளீட்டு வரி, விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்துப் போர்ட்டல் தரும் 2B பட்டியலில் இருந்ததைவிட 42,600 ரூபாய் கூடுதல். அதில் 31,000 முந்தைய ஆண்டு பில்களுக்கு உரியது. அந்த ஆண்டின் 2B-இல் வந்திருந்தும் எடுக்காமல் விட்டு, கெடு முடியுமுன் இந்த ஆண்டில் எடுத்தார். அதில் தப்பில்லை. மீதி 11,600 ஒரே பில்லை இரண்டு முறை பதிந்ததால் வந்தது. அதை இரண்டு வருட வட்டி 4,176-உடன் சேர்த்து, ஆக 15,776 ரூபாயைத் தாமாகக் கட்டுவதற்கான DRC-03 படிவத்தில் கட்டினார்.

எல்லாம் சரி. ஆனால் கட்டியதோடு விட்டுவிட்டார், ASMT-11 போடவில்லை. பணம் ஒரு பக்கம், அறிவிப்பு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நின்றன. பலர் சறுக்கும் இடம் இதுதான். பணம் கட்டியிருந்தாலும் ASMT-11 போட்டு, அதில் DRC-03 எண்ணை எழுதுங்கள். அதன் பிறகுதான் ASMT-12 கேட்டுக் கடிதம்:

"பொருள்: 2022-23 – ASMT-10 அறிவிப்பு – விளக்கம் ஏற்கப்பட்டது – ஆணை கோருதல்.
பார்வை: 1. ASMT-10 எண், நாள். 2. ASMT-11 எண், நாள். 3. DRC-03 எண், நாள், ரூ.15,776.

ஐயா, பார்வை 1-இல் சுட்டிய ரூ.42,600 வேறுபாட்டுக்குப் பார்வை 2-இல் விளக்கம் அளித்து, உரிய தொகையைப் பார்வை 3-இன்படி செலுத்தியுள்ளேன். (நாள்) அன்று நேரில் வந்தபோது விளக்கம் ஏற்கப்பட்டதாகத் தெரிவித்தீர்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. பிரிவு 61(2), விதி 99(3)-இன்படி ASMT-12 ஆணையை வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். அதிகாரியின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள், ஆள் மாறினாலும் கடிதம் நிற்கும். "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று உருகாதீர்கள், நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான வாக்குமூலமாகும். புதிய விளக்கம் எதையும் சேர்க்காதீர்கள், மூடப்போகிற கோப்பை நீங்களே ஏன் திறக்க வேண்டும்? தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "மேசையில் வெச்சுட்டுப் போங்க" என்றால் வைக்காதீர்கள், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆணை வீட்டுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். போர்ட்டலில் Services, User Services, அதற்குள் View Additional Notices/Orders என்ற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் View Notices and Orders என்று இன்னொன்று உண்டு. அதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று இருந்தவர்கள், பாதகமான ஆணை வந்ததே தெரியாமல் மூன்று மாத மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

வந்த ஆணையில் அறிவிப்பு எண்ணையும் ஆண்டையும் ஒப்பிடுங்கள். விளக்கம் திருப்திகரம், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று இருக்க வேண்டும். அது அந்த அறிவிப்பில் கண்ட விஷயத்துக்கு மட்டும்தான் காப்பு. அதே ஆண்டுக்குத் தணிக்கை வந்தால் வேறு கேள்வி கேட்கலாம்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? முதல் கடிதத்தின் நகலோடு நினைவூட்டல் அனுப்புங்கள், அதன் நகலை மேலதிகாரிக்கும். அதுவும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில், "இந்த எண்ணுள்ள அறிவிப்புக்கு ASMT-12 வழங்கப்பட்டதா? நகல் தருக" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். 2022-23-க்கு வரி கேட்டு ஆணை போட அவர்களுக்குச் சாதாரணமாக 2026 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் கையில் தாள் இல்லாவிட்டால், அண்ணாச்சியைப் போல நீங்களும் அதே 42,600-க்கு மறுபடி விளக்கம் எழுத வேண்டிவரும்.