பத்தாவது படிக்கிற பையனுக்குத் தாடி எங்கே?

பதினாலரை வயசுப் பையன். இரண்டு கன்னமும் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருக்கிறது. தாடி முளைக்க வேண்டும் என்று 5 சதவீத மினாக்சிடில் கரைசலைக் காலையும் ராத்திரியும் ஒரு மாதமாகத் தேய்த்திருக்கிறான். பெரியவர்களின் தலை வழுக்கைக்கான மருந்து அது. பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். தோலுக்குள் போனால் படபடப்பும் வரலாம். கூட வந்த அப்பாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "படத்துல பத்தாவது படிக்கிற பசங்கல்லாம் எப்படி இருக்கானுங்க. இவன் மட்டும் ஏன் டாக்டர் இன்னும் சின்னப் பையனாட்டம் இருக்கான்?" என்கிறார். இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

படத்தில் பத்தாவது படிக்கிறவர் பத்தாவது படிக்கிற வயசில் இல்லை. இதைத் தெரிந்தவர்கள்கூட கண்ணால் பார்த்ததும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வகைக்கே தாய்வீடு அதுதானே. 1978-இல் வந்த 'கிரீஸ்' படப்பிடிப்பின்போது நாயகன் ஜான் டிரவோல்டாவுக்கு 23 வயது, நாயகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28. அதே பள்ளியில் படிக்கும் தோழியாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33. 2004-இன் 'மீன் கேர்ள்ஸ்' படத்தில் பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைக்கும் பெண்ணாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸுக்கு 25 வயதை ஒட்டி இருக்கும். அவருக்கு எதிரே நின்ற லிண்ட்சே லோகனுக்கு 17. திரையில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு!

காரணம் பெரும்பாலும் கால்ஷீட் கணக்குதான். கலிபோர்னியாவில் 16, 17 வயதுக்காரரைப் பள்ளி நாளில் நடிக்க வைத்தால் ஆறு மணி நேரம்தான் வேலை வாங்கலாம். அதற்கு மேல் மூன்று மணி நேரம் பாடத்துக்கு ஒதுக்க வேண்டும், படப்பிடிப்பு இடத்தில் ஆசிரியரும் இருந்தாக வேண்டும். இருபத்திரண்டு வயசுக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தயாரிப்பாளரின் கணக்கு அவருக்குச் சரி. அந்தக் கணக்கை உங்கள் பையனின் முகத்தில் போட்டுப் பார்ப்பதுதான் தப்பு.

ஆண் பிள்ளையின் வளர்ச்சியில் தாடி கிட்டத்தட்டக் கடைசியில் வருவது. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் முதலில் பெரிதாவது விதைப்பை. வெளியே யாருக்கும் தெரியாது, பையனே கவனித்திருக்க மாட்டான். அதன்பின் மறைவிடத்தில் ரோமம், பிறகு உயரம் எகிறும் காலம், அதையொட்டிக் குரல் உடைவது. மீசை உதட்டின் இரண்டு ஓரத்தில் அரும்பி நடுவுக்கு வரும். அடுத்து கன்னத்தின் மேல்பக்கம், கீழுதட்டுக்கு அடியில். தாடைக்கும் முகவாய்க்கும் வருவது எல்லாவற்றுக்கும் பிறகு. இருபது தாண்டியும் நிரம்பாதவர்கள் நிறைய. ஆக, திரையில் டிரிம் செய்த தாடியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 'மாணவன்' வயதில் உங்கள் பையனுக்கு அண்ணன், சில படங்களில் சித்தப்பா.

மேலே சொன்ன பையனையே பார்ப்போம். உயரம் 156 செ.மீ. போன பிறந்தநாளுக்கும் இந்தப் பிறந்தநாளுக்கும் நடுவில் 7 செ.மீ. வளர்ந்திருக்கிறான். விதைப்பையின் அளவைப் பார்க்க எங்களிடம் ஒரு மணிமாலை உண்டு, 1 முதல் 25 மில்லி வரை வரிசையாக முட்டை வடிவ மணிகள் கோத்தது. 4 மில்லியைத் தொட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். இவனுக்கு 8. அதாவது வண்டி கிளம்பி நடுவழியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். (இவனுக்கு 'ஹார்மோன் டெஸ்ட் பேக்கேஜ்' எழுதிக் கொடுத்த இடமும் உண்டு. என்ன சொல்ல.)

இன்னொன்றையும் அவன் மறைத்துக்கொண்டிருந்தான். சட்டைக்குள் பனியன், பனியனுக்கு மேல் இன்னொரு பனியன், மே மாத வெயிலில். மார்க்காம்புக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, தொட்டால் வலி. 13, 14 வயதில் ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு இது வரும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானே வடிந்துவிடும். வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்றை எந்தப் பள்ளிக்கூடப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்? வந்தால் காமெடிக்கு வரும், குண்டுப் பையனின் மார்பைக் கிள்ளிச் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் தங்களைத் திரையில் அடையாளம் காண்கிறார்களா என்று கேட்டால், காண்கிறார்கள். நாயகனிடத்தில் காண்பதில்லை, நாயகனின் நண்பனிடத்தில். ஒல்லி, குட்டை, பரு, பிசிறடிக்கும் குரல் எல்லாம் அவனுக்குத்தான் கொடுக்கப்படும், கூடவே திரையரங்கின் சிரிப்பும். நாயகனுக்குக் குரல் உடைவதே இல்லை. நிஜமான ஒன்பதாம் வகுப்பில் 145 செ.மீ. பையனும் 172 செ.மீ. பையனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், இருவரும் ஆரோக்கியமானவர்கள். ஏழாம் வகுப்பில் பெண்கள் பையன்களை விட உயரமாக நிற்பார்கள். படத்தில் எல்லோரும் ஒரே அச்சு.

விதிவிலக்குகள் உண்டு. 'துள்ளுவதோ இளமை' 2002-இல் வந்தபோது தனுஷுக்கு 18 வயதுதான், பள்ளிச் சீருடை அந்த ஒல்லி உடம்பில் உண்மையாகத் தெரிந்தது. கதையைப் பற்றி இங்கே பேசவில்லை, உடம்பைப் பற்றி மட்டும். 2018-இன் 'எய்த் கிரேட்' படத்தில் எல்சி ஃபிஷர் 14 வயதில் நடித்தார், முகப்பருவை மேக்கப் போட்டு மறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 'ஆர்' சான்றிதழ் கொடுத்ததால் எட்டாவது படிக்கும் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் அதைத் திரையரங்கில் பார்க்க முடியவில்லை.

பரு என்றதும் ஒரு வேண்டுகோள். மருந்துக் கடையில் "முகம் பளிச்சுனு ஆக ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்காதீர்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. பத்து நாளில் முகம் மாறும், அதனால்தான் விடமாட்டார்கள். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பும். சாதாரணப் பருவுக்கு அடாபலீன் 0.1 சதவீதம், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு, ராத்திரியில் மட்டும். மருத்துவர் சொன்னால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் சேரும், தலையணை உறை வெளுத்துப்போகும், பழசைப் போடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டாவது வாரமே "கேக்கல டாக்டர்" என்று வந்து நிற்காதீர்கள்.

எப்போது காட்ட வேண்டும்? 14 வயது முடிந்தும் பையனுக்குப் பருவ மாற்றம் எதுவும் தொடங்கவில்லை என்றால். பெண்ணுக்கு 13 வயதிலும் மார்பு அரும்பவில்லை, அல்லது 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றால். மார்புக் கட்டி ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இருந்தால், இரண்டு வருஷத்துக்கு மேல் வடியாவிட்டால். மற்றபடி, வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கிடையாக வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேதியோடு. வரும்போது அந்தக் கணக்கைக் கொண்டு வாருங்கள். எந்த நடிகரின் போட்டோவும் வேண்டாம்.