நீண்ட விக் எங்கிருந்து வருகிறது?

ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான முறை கைமாறலாம். கேண்டில்ஸ்டிக் சார்ட் அவற்றில் நான்கு விலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நடந்த முதல் வியாபாரத்தின் விலை ஓப்பன், கடைசி வியாபாரத்தின் விலை குளோஸ், இடையில் தொட்ட உச்சம் ஹை, அடிமட்டம் லோ. ஓப்பனுக்கும் குளோஸுக்கும் இடைப்பட்ட பகுதி தடித்த பாடியாக வரும். குளோஸ் மேலே முடிந்தால் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு. பாடியைத் தாண்டி ஹை வரையும் லோ வரையும் நீளும் மெல்லிய கோடுகள்தான் விக்.

காலை 10 மணிக்கு ஒரு பங்கு 100-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிந்து 92-ஐத் தொடுகிறது, 10.30-க்கு 93-இல் நிற்கிறது. பிறகு ஏறி 102-ஐத் தொட்டு, 11 மணிக்கு 101-இல் முடிகிறது. பாடி 100 முதல் 101 வரை, வெறும் 1 புள்ளி. மேல் விக்கும் 1 புள்ளிதான். கீழ் விக் மட்டும் 100-இலிருந்து 92 வரை 8 புள்ளி. டிரேடர்கள் ஹேமர் என்று சொல்லும் உருவம் இது.

விலை 92 வரை போனது, ஆனால் அங்கே தங்கவில்லை. விக் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். வழக்கமான விளக்கம் இதற்கு மேல் ஒரு படி போகிறது: விற்பவர்கள் அழுத்தினார்கள், கீழே காத்திருந்தவர்கள் வாங்கித் திருப்பிவிட்டார்கள், ஆகவே 92 பக்கம் சப்போர்ட், அதாவது விலையை மேலும் இறங்கவிடாமல் தாங்கும் இடம், இருக்கிறது. பல நேரம் இது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே விக் வேறு வழியிலும் வரலாம். விலை குறிப்பிட்ட இடத்துக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆர்டர்தான் ஸ்டாப்லாஸ். 95-க்குக் கீழே நிறைய பேர் அதை வைத்திருந்தால் ஒன்று தூண்டிய விற்பனை அடுத்ததைத் தூண்டும். விலை மளமளவென்று இறங்கும். அந்த ஆர்டர்கள் தீர்ந்ததும் விற்க ஆள் இல்லாமல் போக, சிறிய வாங்கும் ஆர்டரே விலையைத் தூக்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விக். ஆனால் முன்னதில் புதிதாக ஒரு பெரிய கை உள்ளே வந்திருக்கிறது. பின்னதில் பயந்தவர்கள் வெளியேறியதோடு சரி.

இன்னொரு சிக்கல், மணியை எங்கே வெட்டுகிறோம் என்பது. அதே பங்கு 9.30-க்கு 99-இல் இருந்தது, 11.30-க்கு 103-இல் முடிந்தது என்போம். கேண்டிலை 10 மணிக்குப் பதில் 9.30-இலிருந்து எண்ணினால் முதல் கேண்டில் 99-இல் தொடங்கி 93-இல் முடியும்: நீண்ட சிவப்பு பாடி, கீழே 1 புள்ளி விக். அடுத்தது 93-இலிருந்து 103 வரை நீண்ட பச்சை பாடி. ஹேமர் காணாமல் போய்விட்டது! சந்தையில் நடந்தது ஒன்றுதான், வெட்டிய இடம் மட்டும் வேறு. கடிகாரம் 10-ஐக் காட்டியதால் உண்டான உருவத்தின் மேல் பெரிய நம்பிக்கை வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. நாள் கேண்டிலுக்கு இந்தக் கேள்வி குறைவு. சந்தை திறந்து மூடும் நேரம் இயல்பான எல்லையாக இருக்கிறது.

வாங்குவோர் பலத்துக்கும் விக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம் என்பதற்கு 2010 மே 6 நல்ல சாட்சி. அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்களில் பாதாளத்துக்குப் போய்த் திரும்பியது. சுமார் 40 டாலரில் இருந்த அக்சென்சர் பங்கு 1 சென்ட்டுக்குக் கைமாறியது, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 1 சென்ட்டில் யாரும் ஆசையோடு காத்திருக்கவில்லை. வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்லியாக வேண்டிய மார்க்கெட் மேக்கர்கள் பெயருக்குப் போட்டுவைத்த ஆர்டர்கள்தான் அங்கே இருந்தன. நடுவில் இருந்த நிஜ ஆர்டர்கள் விலக்கிக்கொள்ளப்பட்டதால், வந்த விற்பனை நேரே அவற்றின் மேல் போய் விழுந்தது. நிலவரத்துக்கு வெகுதூரம் விலகி நடந்த அத்தகைய வியாபாரங்கள் பின்னர் ரத்து செய்யப்பட்டன. அவற்றை நீக்கிய தரவில் சார்ட் போட்டால் அந்தப் பிரம்மாண்ட விக்கே இருக்காது.

எனவே நீண்ட விக்கைக் கண்டால் டைம்ஃப்ரேமைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி கேண்டிலை 1 நிமிடக் கேண்டில்களாகப் பிரித்தால், 92 பக்கம் விலை பத்து நிமிடம் நின்று வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, குவிந்ததா, இல்லை ஒரே நிமிடத்தில் தொட்டுத் திரும்பியதா என்று தெரிந்துவிடும். அங்கே வால்யூம் அதிகமாக இருந்து, அடுத்தடுத்த கேண்டில்களும் 100-க்கு மேலேயே முடிந்தால் யாரோ நிஜமாகவே வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மேல் விக்குக்கும் இதே சோதனைதான், திசை மட்டும் மாறும். வால்யூம் சொற்பமாக இருந்தால் அது ஆர்டர் புக்கில், அதாவது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில், இருந்த ஓட்டை. மறுமுறை விலை அங்கே இறங்கும்போது தாங்கிப் பிடிக்க யாரும் இல்லாமல் போகலாம்.