மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள்

அனிமேஷன் குறும்படங்களுக்கு ஒலிக்கலவை செய்து தருவது என் தொழில். சென்ற மாதம் வந்த மாணவர் படம் ஒன்றில், ஓட்டு வீட்டில் நள்ளிரவில் ஒரு பாட்டி எழுந்து, மண் தரையில் வெறுங்காலுடன் நடந்து, மரக்கதவைத் திறந்து வாசலுக்கு வருகிறார். காலடி, புடவைச் சரசரப்பு, கதவு ஆகிய மூன்று ஃபோலி ஒலிகளையும், அதாவது படத்தின் அசைவுக்கேற்பத் தனியே உருவாக்கும் ஒலிகளையும், மாணவர்கள் வீட்டிலேயே பதிவு செய்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அடுக்குமாடிக் குடியிருப்பின் டைல்ஸ் பதித்த கூடத்தில் யாரோ நடக்கிறார், தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்னு நெனச்சோம் சார்" என்றார்கள். இந்த ஆண்டில் இதை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

எடுக்க முடியாது என்பதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள், மின்விசிறி மட்டும் ஒலிக்கும் ஒரு துண்டைக் கேட்டு, அதைப் போன்றவற்றைப் பதிவு முழுவதிலும் குறைக்கிறது. பேச்சில் இது ஓரளவு பலிக்கும். குரலுக்கென்று சுருதியும் வடிவமும் இருப்பதால் அதைக் காற்றிரைச்சலிலிருந்து பிரித்தறியலாம். புடவையின் சரசரப்புக்குச் சுருதியே கிடையாது. அதுவும் காற்றிரைச்சலைப் போலவே பரந்து விரிந்த மெல்லிய இரைச்சல்தான். எது விசிறி, எது புடவை என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை, ஆகவே இரண்டையும் சேர்த்தே தின்கிறது. மிஞ்சுவது தண்ணீருக்குள் குருவி கத்துவது போன்ற ஓர் ஒலி. அந்தப் பாட்டியின் புடவை அப்படித்தான் ஒலித்தது.

கூடத்தின் எதிரொலிக்கும் இதே கதிதான். எதிரொலியே இல்லாத வறண்ட பதிவுக்கு எந்த அறையின் முழக்கத்தையும் பிறகு என்னால் சேர்க்க முடியும். ஆனால் காலடியோடு ஒட்டிக்கொண்ட கூடத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. படப்பிடிப்பு நடந்த படமாக இருந்தால் அந்த இடத்தின் ஒலி கொஞ்சமாவது கிடைத்திருக்கும். வரைந்த படத்தில் அதுவும் இல்லை; நீங்கள் தரும் ஒலிதான் பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது.

கடைசியில் மாணவர்களை அழைத்து எல்லாவற்றையும் மீண்டும் பதிவு செய்தோம், அதுவும் ஒரு சாதாரணப் படுக்கையறையில். பின்னிரவில், விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, இரண்டு மெத்தைகளைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தோம். ஃபிரிட்ஜையும் அணைத்தோம். (பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.) நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினோம். எதிரொலியின் வால் நீளாமல் ஒலி சட்டென்று நின்றால் அந்த இடம் சரி.

மடித்த போர்வையின் மேல் அகலமான மரப்பலகையை வைத்து, அதில் சலித்த மண்ணைப் பரப்பி, லேசாக நீர் தெளித்துத் தட்டி இறுக்கினோம். போர்வை இல்லாவிட்டால் பலகையும் தரையும் சேர்ந்து பெட்டியைப் போல் முழங்கும். இறுகிய மண்ணின் மேல் ஒரு சிட்டிகை மணல் தூவிய பிறகுதான் வெறுங்கால் உரசும் ஒலி கேட்டது. மைக் பாதத்திலிருந்து ஏறத்தாழ அரை மீட்டரில் இருந்தது. மாணவி ஒருவர் படத்தைப் பார்த்தபடியே, பாட்டியின் தயக்கத்தோடு, நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைத்தார். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி நொடி. ஓரிரு ஃபிரேம் தவறினால் நகர்த்திக்கொள்ளலாம், தயக்கத்தை நகர்த்தி உண்டாக்க முடியாது.

புடவையைத் தனியாக, படம் முழுவதற்கும் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யுங்கள். உடுத்திக்கொண்டு நடக்காதீர்கள், காலடியும் கூடவே பதிவாகிவிடும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மடித்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இரு கைகளாலும் அசைத்தாலே போதும்.

கதவு என்பது ஒரே ஒலியன்று: நாதாங்கி விலகுவது, கீல் முனகுவது, கதவு நிலையில் மோதுவது என்று மூன்று. நடுக்கூடத்தில் மைக்கை வைத்து மொத்தமாக எடுத்தால், கதவைவிடக் கூடமே அதிகம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அருகில் மைக்கைக் கொண்டுபோய்த் தனித்தனியே எடுத்து, அதனதன் ஃபிரேமில் வையுங்கள்.

கைப்பேசியில்தான் பதிவு செய்வேன் என்றால், ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் இரைச்சல் குறைக்கும் வசதியையும் நிறுத்த முடிகிற செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு பின்னணி மெல்ல எழும்பி, அறையே மூச்சு வாங்குவது போல் கேட்கும். ஹெட்ஃபோன் மாட்டி, இரண்டு அடிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் இருக்கும்.

தயவுசெய்து, இரைச்சல் நீக்கிய கோப்பை எனக்கு அனுப்பாதீர்கள். கைபடாத மூலப் பதிவை அனுப்புங்கள், யாரும் அசையாத அறையின் 30 நொடியையும் சேர்த்து.