பத்துக் கிலோ இழுத்தால் தெரியும்

கொட்டாஞ்சேனையில் பிளைவூட் வெட்டும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வெட்டும் முனையைத் தாங்கிய பாலம் தண்டவாளத்தில் ஓடும் மூன்று மீற்றர் நீளமுள்ள கான்ட்ரி இயந்திரத்தைப் பெல்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் இருக்கும் பக்கம் வெட்டிய துண்டுகள் சரியாகப் பொருந்தின. கடைசிப் பக்கத்தில் வெட்டியவை பொருந்தவில்லை.

"மோட்டார் படிப்படியாகச் சுழல்வது, ஒரு படிக்கு 0.03 மில்லிமீற்றர்தானே நகர்கிறது, அண்ணா. பிறகு ஏன்?" என்று கேட்டார்.

கணக்குச் சரிதான். 20 பல் கப்பி, பற்களுக்கிடையே 5 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு 100 மில்லிமீற்றர். அதை 3,200 நுண்படிகளாகப் பிரித்தால் 0.031. ஆனால் இது மோட்டார் போகச் சொல்லும் இடம் மட்டுமே. வெட்டும் முனை எங்கே நிற்கும் என்பதைப் பெல்ட்டின் விறைப்பு தீர்மானிக்கிறது.

பெல்ட் ஒரு சுருள்வில் போன்றது. நீளம் கூடக்கூட இளகும். ஒரு மீற்றர் துண்டை ஒரு மில்லிமீற்றர் நீட்ட 500 நியூட்டன் தேவைப்படும் பெல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் முனையைச் சுமக்கும் வண்டி மோட்டாரிலிருந்து அரை மீற்றரில் நிற்கும்போது ஒரு பக்கம் அரை மீற்றர் பெல்ட், மறுபக்கம் சுற்றி வரும் ஐந்தரை மீற்றர். இரண்டின் விறைப்பையும் கூட்டினால் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1,090 நியூட்டன். கடைசி முனையில் இரு பக்கமும் மூன்று மீற்றர். விறைப்பு 333 மட்டுமே. 100 நியூட்டன் வெட்டு விசைக்கு முதல் இடத்தில் 0.09 மில்லிமீற்றர் விலகல், கடைசியில் 0.3.

பெல்ட்டுக்குப் பதில் ரேக் எனும் பல்வரிசைச் சட்டத்தைப் பொருத்தி, பினியன் எனும் சிறு பற்சக்கரத்தை அதன் மீது ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. பினியன் எங்கே நின்றாலும் கடிப்பது அதே ஓரிரு பற்கள். விறைப்பு நீளத்தைப் பொறுத்ததல்ல. விசையும் கூடுதல். 2 நியூட்டன் மீற்றர் மோட்டார் அந்தக் கப்பியில் 126 நியூட்டன் தரும். 10 மில்லிமீற்றர் ஆரமுள்ள பினியனை 5:1 கியருடன் பூட்டினால், உராய்வை விட்டுவிட்டால், 1,000. வேகம் விலையாகப் போகிறது: நிமிடத்துக்கு 600 சுற்றில் பெல்ட் 60 மீற்றர் ஓடும் நேரத்தில் ரேக் ஏழரை மீற்றர்தான். படியும் 0.004 மில்லிமீற்றராகச் சுருங்கும். ஆனால் பற்களுக்கிடையே 0.1 மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால், திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த நுட்பம் வீண். பினியனைச் சுருள்வில்லால் ரேக்கின் மீது அழுத்தி வைப்பது அதற்காகத்தான்.

எது குற்றவாளி என்று அறிய ஒரு வழி உண்டு. மோட்டாரை மின்னூட்டிப் பூட்டி, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வண்டியில் வைத்து, கொக்கித் தராசால் வண்டியைப் பத்துக் கிலோ இழுத்து விடுங்கள். முள் தானாகவே பூச்சியத்துக்குத் திரும்பினால் அது நீட்சி. நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டால் பற்களின் ஆட்டம். நண்பரின் முள் திரும்பியது; கடைசி முனையில் 0.28 காட்டிவிட்டு.

லேசர் வெட்டி என்றால் பெல்ட்டையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன், அங்கே வெட்டு விசை என்பதே இல்லை. மரத்துக்கு ரேக் மாற்றினோம். இப்போது அவர் வாரம் ஒருமுறை தூரிகையால் பற்களிலிருந்து மரத்தூளைத் துடைக்கிறார். கிரீஸை அள்ளிப் பூசினால் தூள் பசையாகிவிடும் என்பதால் மெல்லிய எண்ணெய் மட்டும்.