சொந்தச் சாயப்பட்டறை வாங்கும் முன்

திருப்பூரில் கம்பெனிகளுக்குச் செலவுக் கணக்குப் பார்ப்பது என் வேலை. பனியன் ஏற்றுமதியில் நாலு காசு சேர்ந்ததும் பலர் கேட்கும் கேள்வி: "டையிங்கையும் நாமே எடுத்துக்கிட்டா என்ன சார்?" சரக்கு தருபவரையோ விற்பவரையோ நாமே வாங்கிக்கொள்வதற்குச் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று பெயர். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே 2009-இல் ஒருவர் வாங்கிய பட்டறைதான் நினைவுக்கு வரும்.

அவர் போட்ட கணக்கு எளிது. எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். சாயக்கூலி கிலோவுக்கு 90 ரூபாய். சாயம், கெமிக்கல், விறகு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 60. மிச்சம் 30 நம் பைக்கு. கணக்கில் தப்பில்லை, பாதிதான் இருந்தது. பட்டறையின் கொள்ளளவு நாளுக்கு 5 டன், அவருடைய சராசரித் தேவை 2 டன். துணி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சம்பளம், வங்கி வட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று மாதம் 25 லட்சம் போகும். 2 டன் வீதம் 25 நாள் ஓட்டினால் மிஞ்சுவது 15 லட்சம். மாதம் 10 லட்சம் கையைக் கடிக்கும். நாளுக்குச் சுமார் 3,300 கிலோ ஓடினால்தான் நட்டமில்லை.

மீதியை வெளி ஜாப் வொர்க்கில் நிரப்பிவிடலாம் என்று நம்பினார். ஆனால் அதுவரை அங்கே துணி போட்டவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். என்ன கலர், எத்தனை கிலோ என்று பார்த்தாலே ஆர்டரின் அளவு தெரிந்துவிடும். போட்டியாளரிடம் அதை யார் காட்டுவார்கள்? அதோடு, சீசனில் முதலாளியின் துணிதான் முதலில் மெஷினில் ஏறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஷேடு விஷயம். வெளிப் பட்டறை கலரைத் தப்பாகப் போட்டால் டெபிட் நோட் போட்டு நட்டத்தை அவர் கூலியில் கழித்துக்கொண்டு, அடுத்த லாட்டை வேறு ஆளிடம் கொடுக்கலாம். சொந்தப் பட்டறைமீது டெபிட் நோட் போட்டு என்ன பயன்? மறுசாயம் போட்ட செலவை நாம்தான் விழுங்க வேண்டும்.

இந்த நட்டம் ஓராண்டுக்குமேல் அவர் கண்ணில் படவில்லை. இரண்டு தொழிலுக்கும் ஒரே கணக்கு. பனியன் லாபம் சாய நட்டத்தை மூடிவிட்டது. டையிங் பிரிவு, கார்மென்ட்ஸ் பிரிவுக்குச் சந்தை விலையில் பில் போட வேண்டும் என்று வைத்த முதல் மாதமே குட்டு வெளிப்பட்டது.

விற்கலாமா என்று யோசிப்பதற்குள் 2011 ஜனவரி வந்துவிட்டது. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறை இல்லாதவர்கள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். இவரும் அனுப்பினார், பூட்டிய பட்டறையின் கடன் தவணையையும் கட்டிக்கொண்டு.

இப்போது யாராவது கேட்டால், ஏற்கெனவே ஓடும் பட்டறையில் சீசனுக்கு மட்டும் இரண்டு மெஷினை ஒப்பந்தமாகப் பிடிக்கச் சொல்கிறேன். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம்.